கடுகு வெடிக்கும்போது பேசாதே

ஒரு தாளை நீளவாக்கில் மடித்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ‘கை’ என்றும் வலப்பக்கம் ‘வாய்’ என்றும் தலைப்பு எழுதினேன். கை செய்வது இந்தப் பக்கம், வாய் சொல்வது அந்தப் பக்கம், இரண்டும் ஒரே வரிசையில் இறங்கிவர வேண்டும். கொஞ்ச காலம் தெருநாடகம் எழுதியவன் என்பதால் இது எனக்குக் கைவந்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். சமைக்கப்போவது வரகரிசி உப்புமா. இடம் செந்துறைப் பக்கத்தில் ஒரு ஊர், மகளிர் குழுக் கூட்டம், நாற்பது பேர். சமைப்பவர் குழுவிலேயே ஒரு அக்கா. அவர் சமைத்துக்கொண்டே பேசுவார், பேச வேண்டியதை நான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டம் போட்டாலும் மேடை ஓரத்தில் ஒரு அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. இப்படிச் செய்துகாட்டுவதற்கு அங்கெல்லாம் ‘செயல்விளக்கம்’ என்று பெயர். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் முதல் தவறைச் செய்தேன். செயல் முன்னால் நிற்கிறது, விளக்கம் அதன் பின்னால் வருகிறது. நானும் அப்படியே எழுதினேன். கை கடுகைப் போடும், பிறகு வாய் கடுகைப் பற்றிச் சொல்லும்.

வயலில் செய்யும் விளக்கத்துக்கு அது பொருந்தும். விதைநேர்த்தி செய்துகாட்டிவிட்டு அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசலாம், விதை ஓடிப்போகாது. அடுப்பு அப்படி இல்லை. சூடான எண்ணெயில் விழுந்த கடுகு, முதல் வெடிப்பிலிருந்து கடைசி வெடிப்பு வரை பதினைந்து, இருபது நொடிகள் எடுக்கும். நான் எழுதியிருந்த வாக்கியத்தை நிதானமாகச் சொல்ல இருபத்தைந்து நொடி ஆகும். “கடுகு நன்றாகப் பொரிந்த பிறகுதான் உளுத்தம்பருப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் கடுகு கசக்கும், பருப்பும் சிவக்காது” என்பது அந்த வாக்கியத்தின் தொடக்கம். அக்கா அதைச் சொல்லி முடிக்கும்போது கடுகு கருகியிருந்தது. அதன் பிறகு போட்ட உளுந்தும் கடலைப்பருப்பும் அடுத்த வாக்கியம் முடிவதற்குள் கருத்தன. இத்தனைக்கும் அது ஒத்திகை, எங்கள் வீட்டு அடுப்படி, கேட்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் வாக்கியம் காதில் விழவில்லை. கடுகு வெடிக்கிற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது.

அன்றைக்கு ராத்திரி கையில் கைபேசிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அக்காவைப் பேசாமல் சமைக்கச் சொன்னேன். எண்ணெய் காய்ந்ததிலிருந்து வெங்காயம் விழும்வரை ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் கடுகு, கடலைப்பருப்பு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை என்று ஐந்து பொருள்கள் விழுந்துவிட்டன. கறிவேப்பிலை விழுந்த இடத்தில் மூன்று நொடி படபடவென்று ஒரு சத்தம், ஈரம் இருந்தால் கூடவே தெறிப்பு. இந்த ஒரு நிமிஷத்தில் மனிதன் பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? பெயர் மட்டும் சொல்லலாம். ஆகவே, சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மாற்றி எழுதிய பகுதி இது:

கை: அஞ்சு கிண்ணத்தையும் வரிசையா நகர்த்தி வை. அடுப்பு இன்னும் பத்த வைக்கல.
வாய்: “இந்த அஞ்சும் இந்த வரிசையிலதான் விழும். கடுகு வெடிச்சு அடங்கினாத்தான் பருப்பு. பருப்பு செவந்தாத்தான் மொளகா. கருவேப்பிலை கடைசி, அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும். எண்ணெய் காஞ்சதுக்கப்புறம் நான் பேச மாட்டேன், பேரு மட்டும் சொல்லுவேன், கண்ணால பாத்துக்கங்க.”
கை: அடுப்பு. கடலை எண்ணெய். கடுகு.
வாய்: “கடுகு.” (இங்கே பேசாதே.)
கை: பருப்பு ரெண்டும்.
வாய்: “பருப்பு.”

அடைப்புக்குறிக்குள் ‘இங்கே பேசாதே’ என்று எழுதியது அக்காவுக்காக. எனக்காகவும்தான். சில வருஷம் வசனம் எழுதிப் பழகியவனுக்கு வெற்றிடத்தைக் கண்டால் கை அரிக்கும்.

வாய் கைக்கு ஒரு மூச்சு முன்னால் போக வேண்டும் என்பது பிடிபட்ட பிறகு மற்ற இடங்களை எழுதுவது சுலபமாக இருந்தது. “தண்ணி ஊத்தப் போறேன், ஒரு சத்தம் வரும்” என்று சொல்லிவிட்டு ஊற்றினால் எல்லோரும் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள். ஊற்றிவிட்டு “தண்ணி ஊத்தியாச்சு” என்றால் பார்க்க ஒன்றுமில்லை, ஆவிதான் இருக்கிறது. பேருந்து நடத்துநர் நிறுத்தத்தின் பெயரை வண்டி நின்ற பிறகா சொல்கிறார்?

இனி வரகுக்கு வருகிறேன். வரகரிசி மற்ற சிறுதானியங்களைப் போல இலகுவில் உரிபடாது. ஏழு தோல் என்பார்கள். திருகையில் போட்டு, பிறகு உரலில் குற்றி, முறத்தில் புடைத்து, மறுபடி குற்றிப் புடைத்து எடுத்த காலத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போயிருக்கிறது. வரகு நம் அடுப்படியை விட்டுப் போனதற்குச் சுவையைக் காரணம் சொல்பவர்கள் அந்த உலக்கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். இப்போது இயந்திரத்தில் உரித்த அரிசி பையில் வந்துவிடுகிறது. ஆனாலும் அதில் உமித்துண்டும், உரிபடாத முழு வரகும், சில சமயம் பொடிக்கல்லும் இருக்கும். அதனால் செயல்விளக்கம் உண்மையில் தொடங்குவது அடுப்பில் இல்லை, தண்ணீர்ச் சட்டியில்.

அக்கா அரிசியை அரிக்கும் விதத்தை முதன்முதலில் அன்றைக்குத்தான் அருகிலிருந்து பார்த்தேன். அகலமான சட்டியில் அரிசி முங்கத் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. உமி மேலே மிதக்கும், அதைச் சாய்த்து ஊற்றுகிறார். பிறகு சட்டியை இடுப்புயரத்தில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு சுழற்சி, ஒரு சாய்ப்பு. தண்ணீரோடு மேலாக நகரும் அரிசி அடுத்த சட்டிக்குள் ஒழுகுகிறது. மறுபடி தண்ணீர், மறுபடி சுழற்சி. ஏழெட்டு முறை இப்படிச் செய்ததும் முதல் சட்டியின் அடியில் ஒரு சிட்டிகை அரிசியும் நாலைந்து கறுப்புப் பொடிகளும் மிஞ்சின. கல் கனமானது, பின்தங்கும். அவ்வளவுதான் அதன் இயற்பியல். இதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்தேன். கடைசியில் வாய்ப்பக்கத்தில் ஒரு வரிதான் நின்றது: “கடைசியா தங்குறத ஊத்திடாதீங்க, கையில எடுத்து வந்து காட்டுறேன்.” அக்கா அந்தச் சட்டியை முன்வரிசைக்குக் கொண்டுபோய் நீட்டுவார். ஒரு பாட்டி விரலால் தொட்டுப் பார்த்து, “கல்லுதான்” என்பார்.

அரிப்பதற்கு முன்னால் ஒரு முகர்தலும் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வரகில் பூஞ்சை ஏறும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு மயக்கமும் வாந்தியும் தரும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்தபோது, அவை மேய்ந்த வரகுப் பயிரில் இருந்த சைக்ளோபியசோனிக் அமிலம்தான் காரணம் என்று சொன்னார்கள். இதை மேடையில் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. வரகு சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டுவிட்டு யானை செத்த கதையைச் சொன்னால் யார் சாப்பிடுவார்கள் என்றார் அக்கா. யானையை விட்டுவிட்டோம், மூக்கை வைத்துக்கொண்டோம். ஒரு பிடி அரிசியை முகர்ந்து பார், ஈரச்சாக்கு வாசனையோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் அதைக் கழுவியோ வேகவைத்தோ சரிக்கட்ட முடியாது, கொட்டிவிடு. இது சொல்ல ஏழு நொடி.

பெரிய சிக்கல் தண்ணீரில் வந்தது. வீட்டில் ஒரு டம்ளர் வரகரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்று ஊற்றினோம், பூப்போல வந்தது. கூட்டத்துக்கு ஐந்து டம்ளர் என்று முடிவானது. ஐந்தை இரண்டரையால் பெருக்கிப் பன்னிரண்டரை என்று தாளில் எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கணக்குக்குச் சரி. முதல் ஊரில் அப்படியே ஊற்றினோம். மூடியைத் திறந்தபோது உப்புமா கரண்டியிலிருந்து விழ மறுத்தது. முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “நல்லாத்தான் இருக்கு களி” என்றார். அவர் கேலி செய்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஊற்றும் தண்ணீர் இரண்டு வேலைகளுக்குப் போகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது, இன்னொரு பங்கு ஆவியாகி வெளியேறுகிறது. அரிசி குடிப்பது அரிசியின் அளவைப் பொறுத்தது, டம்ளருக்கு இரண்டு. ஆவியாவது அரிசியைப் பொறுத்தது இல்லை, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எத்தனை நிமிஷம் அடுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டுச் சட்டியில் அப்படிப் போவது சுமார் அரை டம்ளர். ஆகவே இரண்டும் அரையும் சேர்ந்து இரண்டரை. ஐந்து டம்ளருக்கு அரிசி குடிப்பது பத்து. பாத்திரம் கொஞ்சம் அகலம், நேரமும் கூட, ஆவியில் ஒரு டம்ளர் போகும். மொத்தம் பதினொன்று. நான் ஒன்றரை டம்ளர் கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன், அதுதான் களியானது. அக்காவிடம் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். “கல்யாணத்துக்குச் சமைக்கிறவங்க யாரும் பெருக்கி ஊத்த மாட்டாங்க, கொறச்சுத்தான் ஊத்துவாங்க. நீங்க எழுதியிருந்தீங்களேன்னு ஊத்தினேன்” என்றார். தாளில் எழுதியிருப்பதற்கு அவர் கொடுத்த மரியாதை எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டாவது ஊரில் பதினொன்று. அங்கே இன்னொரு பாடம். தண்ணீர் கொதித்து, அரிசியைக் கொட்டிக் கிளறியதும் அக்கா கரண்டியை எடுக்காமல் கிளறிக்கொண்டே பேசினார். பேசுகிறவர் கை சும்மா இருக்காது, நாம் எல்லோரும் அப்படித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார்.

“ஏம்மா, கரண்டியை எடு. சும்மா கிண்டுனா ஒடஞ்சு கொழகொழன்னு போயிடும். தண்ணி உள்ள எறங்கட்டும், மேல ஓட்ட விழும் பாரு, அப்ப மூடு.”

பாத்திரத்தைப் பார்த்தோம். கொதி மெல்ல அடங்கி, தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியது. அரிசிப் பரப்பில் நண்டுவளை மாதிரி சின்னச் சின்னத் துளைகள் தோன்றி, ஒவ்வொன்றிலும் ஆவி புஸ் புஸ்ஸென்று வந்தது. கொதி அடியிலிருந்து வெளியேறும் வழிகள் அவை. துளை விழுந்தால் அரிசிக்கு மேலே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், தீயைச் சிம்மில் வைத்து மூட வேண்டிய நேரம். நான் தாளில் ‘ஆறு நிமிடம் கழித்து மூடவும்’ என்று எழுதியிருந்தேன். மண்டபத்து அடுப்பு வீட்டு அடுப்பு இல்லை. உருளையில் வாயு குறைந்திருந்தால் ஆறு பத்தாகும். மின்விசிறி ஓடினால் தீ ஒருபக்கம் சாயும். அணைத்தால் நாற்பது பேரும் முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். அன்றைக்குத் தாளில் நிமிஷங்களை எல்லாம் அடித்துவிட்டு அடையாளங்களை எழுதினேன். வெங்காயம் ஐந்து நிமிடம் வதக்கவும் என்பதற்குப் பதில், ‘வெங்காயம் ஓரம் சுருங்கிக் கண்ணாடியாகிற வரைக்கும்’. ஆறு நிமிஷம் என்பதற்குப் பதில் ‘ஓட்டை விழுகிற வரைக்கும்’. ‘கை’, ‘வாய்’ என்ற இரண்டு பத்திகளுக்கு நடுவே ‘கண்’ என்று ஒரு பத்தி முளைத்தது.

மூடி போட்ட பிறகு எட்டுப் பத்து நிமிஷம், அணைத்தபின் திறக்காமல் புழுங்கவிட இன்னொரு பத்து நிமிஷம். தொலைக்காட்சியில் இந்த இடத்தில்தான் கீழேயிருந்து இன்னொரு பாத்திரம் வரும், “முன்னாடியே செஞ்சு வச்சிருக்கோம்” என்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சமையலின் கடினமான பகுதி. அதை மறைத்துவிட்டுப் பரிமாறினால் வீட்டுக்குப் போய்ச் செய்கிறவர் பாதி வெந்ததில் மாட்டிக்கொள்வார். ஆகவே இருபது நிமிஷமும் காத்திருப்பது என்று வைத்தோம்.

அந்த இருபது நிமிஷத்தில் என்ன பேசுவது? இங்கேதான் எழுத்தாளனுக்கு இடம் கிடைத்தது என்று பாய்ந்தேன். புல்வேளூர்ப் பூதன் வீட்டில் ஔவை வரகுச் சோறும் கத்தரிக்காயும் மோரும் சாப்பிட்டுப் பாடிய தனிப்பாடலை எழுதினேன். (எத்தனை தண்ணீர் என்று ஔவை சொல்லவில்லை.) கோபுரக் கலசத்தில் வரகு போடுவது பற்றி ஒரு பத்தி எழுதினேன். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற மாவட்டம், கலசத்தை விட மனம் வருமா? இரண்டாவது ஊரிலேயே கலசத்தை வெட்டினேன். அது இடியைத் தாங்குமா, பன்னிரண்டு வருஷம் கெடாமல் இருக்குமா, எங்கள் ஊர்க் கோயிலில் என்ன போட்டார்கள் என்று கேள்விகள் கிளம்பி, அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் தாண்டிப் பாத்திரம் அடிபிடித்தது. அடிபிடித்த வாசனை மூக்குக்கு வந்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை, கிளறாமல் மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம், அவ்வளவே.

பிறகு அந்த நேரத்தை அவர்களுக்கே விட்டோம். அக்கா கேட்பதற்கு ஒரே கேள்வி எழுதினேன்: “உங்க வீட்டுல வரகு வெதச்சது யாருக்கு ஞாபகம் இருக்கு?” செந்துறைப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கை தூக்காத வயதானவர்கள் குறைவு. இப்போது அந்த நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. ஒரு அம்மா, “எங்க காட்டுல வெளையறத கோழி தின்னுது, நாங்க கடையில வரகு வாங்குறோம்” என்றார். அப்படி ஒரு வரியை நான் எழுதியிருந்தால் அக்கா அடித்திருப்பார்.

வெங்காயத்திலும் அப்படித்தான் ஒரு வேலை செய்தோம். இந்த அளவுக்குச் சின்ன வெங்காயம் முக்கால் கிலோ வேண்டும். பெரம்பலூர்ச் சந்தையில் வாங்கியது. அதை உரித்துக் கொண்டுபோனால் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உரிக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு, தொடக்கத்திலேயே ஆளுக்கு நாலைந்து கொடுத்துவிட்டோம். வெங்காயம் உரிக்கிற கை இருக்கிற இடத்தில் காது திறந்திருக்கிறது. அரிசி அரிக்கும் நேரம் முழுக்க அது ஓடியது.

மூன்றாவது ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். அதற்குள் தாள் எண்ணெய்ப் பிசுக்கில் மடிப்பு விட்டிருந்தது. அக்கா அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஆவியில் நின்றுகொண்டு யாரும் வாசிக்க முடியாது. அவர் செய்தது வேறு: மேசையில் எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக அடுக்கினார். அரிசி, அரிக்கும் இரண்டு சட்டி, வெங்காயக் கூடை, ஐந்து கிண்ணம், எண்ணெய், அளந்த தண்ணீர், மூடி. ஒரு பொருளைத் தூக்கும்போது அதற்கான வரி வாயில் வந்துவிடும். கிண்ணம் காலியானால் திருப்பிக் கவிழ்த்துவிடுவார், எதை விட்டோம் என்ற குழப்பம் இல்லை. நான் மூன்று வாரம் எழுதியது அந்த மேசையில் பாத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு எல்லாம் சரியாக வந்தது. கடுகு வெடித்தபோது மண்டபமே பேசவில்லை. ஓட்டை விழுந்தபோது இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். புழுங்கவிட்டுத் திறந்ததும் அக்கா கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து கிளறினார், பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. தொன்னையில் வாங்கிய ஒரு சின்னப்பெண், கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, உப்பு எப்பப் போட்டீங்க? நான் பாக்கவே இல்ல.”

தாளை எடுத்துப் பார்த்தேன். ‘கை’ பத்தியில் இரண்டு இடத்தில் ‘உப்பு’ என்று இருந்தது. நேர் எதிரே ‘வாய்’ பத்தி காலி. மூன்று ஊரிலும் அக்காவின் கை உப்பைப் போட்டிருக்கிறது, வாய் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. மேசையிலும் உப்புக்குக் கிண்ணம் இல்லை, அது அவர் இடது கைப்பக்கம் டப்பாவில் இருந்தது.

“வெங்காயம் வதங்குறப்ப கொஞ்சம், அப்பத்தான் சீக்கிரம் தண்ணி விடும். பாக்கிய கொதிக்கிற தண்ணியில போட்டு, வாயில ஒரு சொட்டு விட்டுப் பாரு. தண்ணி ஒரு சிட்டிகை கரிக்கணும், அரிசி குடிச்சதும் சரியாயிடும்” என்றார் அக்கா, அடுத்த தொன்னையை நிரப்பியபடியே.

பேனா வாங்கி அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.